அப்பு சப்பிய பக்கம்

என்னைப் பெற்ற அப்புவின் வாயில் பதினொரு பற்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன வருடம், கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில், காலை வெயிலுக்கு முகத்தைத் திருப்பி வாயைத் திறக்கச் சொல்லி நான்தான் எண்ணினேன். மேலே ஐந்து, கீழே ஆறு. பல்லைப் பிடித்திருக்கும் முரசு விலகியதால் முன்பற்கள் நீண்டு தெரிந்தன. விரலால் தொட்டால் ஆடின. வெற்றிலைக் கறை அவற்றைப் புளியங்கொட்டையின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. இடப்பக்கக் கடைவாயில், மேலொன்றும் கீழொன்றுமாக, இரண்டு கொடுப்புப் பற்கள் மட்டும் ஆடவில்லை. வாயை மூடினால் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தின.

"உவ்வளவு நேரம் மாட்டுக்குக்கூட வாயைப் பிளந்து பாக்கிறேல்லை" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"மாட்டுக்கு எங்கை படிச்ச பிள்ளை இருக்கு?" என்றார் அப்பு, வாயைத் திறந்தபடியே.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அப்பு வெங்காயத் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் கூலிக்கு நின்றவர். அம்மாவும் அவரும் பெருவிரல் அடையாளம் வைப்பவர்கள். நான் சோதனை பாஸ் பண்ணி, தெற்கே போய் இரண்டு வருடம் பற்சிகிச்சைப் பயிற்சி முடித்துவிட்டு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் பல் அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பது என் வேலை. அடைப்பேன், பாற்பல் பிடுங்குவேன், வகுப்புகளுக்குப் போய்ப் பாடம் நடத்துவேன். பெரியவர்களைப் பல் வைத்தியர் பார்ப்பார். வெள்ளைச் சீருடையைச் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் அழுத்தி, சைக்கிளில் ஒழுங்கையால் போகும்போது என் முதுகு தானாக நிமிரும். அதை நான் மறைக்கவில்லை.

அப்பு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருவார். வருத்தம் ஒன்றும் இருக்காது. முருங்கைக்காயோ கத்தரிக்காயோ ஒரு பையில் கொண்டுவந்து வாசலில் நின்று, "என்ரை பிள்ளை உள்ளை நிக்குதோ?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஆடும் கறுத்த பற்கள் எல்லாம் தெரியும். ஒருநாள் என்னோடு வேலை செய்த தாதி ஒருத்தி, "பல் அறையிலை வேலை, தேப்பன்ரை வாயைப் பார்" என்று இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முற்றத்தில் வைத்து எண்ணினேன்.

பல் வைத்தியர் ஓய்வுபெற வேண்டிய வயதைத் தாண்டியும் ஆளில்லாததால் வேலையில் நின்றவர். பொய்ப்பல் செட் கட்டுவதற்கென்று நான் கூட்டிப்போன அப்புவைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"பிள்ளை, இது ரெண்டும் இறுக்கமாய் இருக்கு. மனுசன் இதாலைதான் சப்பிறார். இதை விட்டிட்டு மற்றதை எடுப்பம்."

"ரெண்டை விட்டால் செட் வடிவா வராது, சேர். கம்பி போட வேணும், கம்பியும் இல்லை. முழுக்க எடுத்தால் மேலையும் கீழையும் ஒரே செட்."

"வடிவு ஆருக்கு? அவருக்கோ, உமக்கோ?"

அவர் அப்புவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள், அப்பு?"

அப்பு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை படிச்சது. அது சொன்னாச் சரி, ஐயா."

வைத்தியருக்கு அதற்குமேல் சொல்ல விருப்பம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அவர் மேசையில் வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு மருந்து குறைந்த அளவில்தான் இருந்தது. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஐந்து தடவையாக, இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்தார். இடப்பக்கத்து இரண்டையும் கடைசியில் எடுத்தார். மற்றவை எல்லாம் குறட்டோடு வந்தன. அந்த இரண்டும் வரமாட்டோம் என்று நின்றன. கீழ்ப் பல்லுக்கு வைத்தியரின் நெற்றி வேர்த்தது. வேர் இரண்டும் முறியாமல் முழுதாக வந்ததைக் கிண்ணத்தில் போட்டார்.

வெற்றிலையையும் நான்தான் நிறுத்தினேன். புகையிலை வைத்துச் சப்புவது வாய்ப் புற்றுக்கு வழி என்று பயிற்சியில் படங்களோடு பார்த்திருந்தேன். அதில் நான் சொன்னது சரி. ஆனால் நாள் முழுவதும் எதையோ சப்பிக்கொண்டிருந்த ஒரு வாய் திடீரென்று சும்மா இருக்கத் தொடங்கியது. சப்பும்வரைதான் உமிழ்நீர் நன்றாக ஊறும். அதுவும் நான் படித்ததுதான்.

புண் ஆறி முரசு இறுகுவதற்கு மூன்று மாதம் என்று கணக்கு. மூன்றாம் மாதம் அளவெடுத்தோம். சாந்தில் அச்சு வார்த்து, அச்சு காய்ந்து, அலுமாரியில் ஏறியது. பற்களைப் பொருத்தும் இளஞ்சிவப்புத் தூளும் அதைக் கரைக்கும் திரவமும் கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டையால் பாதை மூடி, சவர்க்காரமே வராத காலம் அது. நான் ஒவ்வொரு வாரமும் களஞ்சியத்தில் போய்க் கேட்டேன். களஞ்சியக்காரர் முதலில் எழுந்து நின்று பதில் சொன்னார். பிறகு இருந்தபடி சொன்னார். பிறகு என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் அப்பு பல் இல்லாமல் சாப்பிடப் பழகியிருந்தார். அதைப் பழக்கம் என்று சொல்லலாமா தெரியவில்லை. தோட்டத்தில் பத்து மணிக்கு எல்லோரும் வரம்பில் வரிசையாக இருந்து பழஞ்சோறு சாப்பிடுவார்கள். சோற்றுக்குப் பச்சை வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொள்வார்கள். அப்பு வெங்காயத்தைக் கையில் எடுத்து, பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். கூழ் காய்ச்சும் நாட்களில் பனையோலையைக் கோலிய பிளாவில் ஊற்றிக் கொடுத்ததை உறிஞ்சுவார். கூழுக்குள் கிடந்த நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் பிளாவின் அடியில் அப்படியே கிடக்கும். ஒருநாள் அந்த வழியால் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி நின்று இதைப் பார்த்தேன்.

"அண்ணை நண்டைக் கும்பிட்டிட்டு விடுறார்" என்றார் ஒருவர்.

"மகள் பல்லு டொக்டர், தேப்பன் பொக்கை வாய். சக்கரைக் கடைக்காரன் கசப்புக் குடிச்ச மாதிரி" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்புவும் சிரித்தார். இப்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. நான் நிற்பதை அவர் காணவில்லை.

அன்று நான் போன வகுப்பில் ஒரு பாடம் நடத்தினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிட்டிகை வெறுஞ்சோறு கொடுத்து, விழுங்காமல் சப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமி கையை உயர்த்தி, "ரீச்சர், இனிக்குது" என்றாள். உமிழ்நீரில் உள்ள ஒன்று சோற்றின் மாப்பொருளைப் பிரித்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகிறது, சமிபாடு வாயிலேயே தொடங்குகிறது என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை நின்றது. சப்பாமல் விழுங்கிய சோற்றையும் குடல் பார்த்துக்கொள்ளும். வாயில் நடக்காமல் போன வேலையைக் கீழே இருக்கும் உறுப்புகள் செய்துவிடும். ஆனால் பிளாவின் அடியில் விட்டுவிட்டு எழும்பியதை எந்தக் குடலும் செரிக்க வைக்காது.

வீட்டில் நான் அப்பு சாப்பிடுவதைக் கவனித்து எழுதத் தொடங்கினேன். காலையில் தேத்தண்ணியில் நனைத்த பேக்கரிப் பாண். பாண் இல்லாத நாளில் கஞ்சி. மத்தியானம் குழைத்த சோறும் தேங்காய்ப்பால் சொதியும். பின்னேரம் தேத்தண்ணியும் பனங்கட்டியும். இரவும் சோறும் சொதியும். மீன் இல்லை, ஏனென்றால் முள் தெரியாது என்றார். பல் இருந்தபோது நாக்கும் பல்லும் சேர்ந்து முள்ளைக் கண்டுபிடித்துவிடுமாம். கீரை தொண்டையில் ஒட்டுகிறது என்றார். பயறு, கச்சான் கடலை, பனங்கிழங்கு ஒடியல், மாங்காய், கொய்யாப்பழம் எல்லாம் ஒவ்வொன்றாக அவருடைய சாப்பாட்டிலிருந்து போயின. வயிறு நிரம்பியது. உடம்பு வற்றியது. பல் பிடுங்க முன்னர் ஆஸ்பத்திரித் தராசில் ஐம்பத்திரண்டு கிலோ நின்றவர், ஆறு மாதத்தில் நாற்பத்தேழுக்கு வந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. மண்வெட்டியைத் தூக்கினால் தலைசுற்றுகிறது என்று சொல்லி, வேலைக்குப் போவதைக் குறைத்து, பிறகு நிறுத்தினார்.

வேலை நின்றதும் நித்திரையும் நின்றது. பேச்சும் குறைந்தது. வெளிநோயாளர் பிரிவு வைத்தியர், நித்திரைக்கும் மனதுக்கும் என்று ஒரு சின்னக் குளிசை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. அப்பு நித்திரை கொண்டார். காலையில் எழும்பும்போது நாக்கு மேலன்னத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் செம்பில் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். அது எதனால் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. செட் வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

தூள் வந்தது. கடல்நீரேரியைத் தாண்டி வந்த ஒருவர் மற்ற மருந்துகளோடு ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். செட் கட்டுபவர் விறகடுப்பில் பானை வைத்து, கொதிநீரில் அவித்து, தேய்த்து மினுக்கிக் கொடுத்தார். இருபத்தெட்டுப் பற்களும் வெண்ணிறமாக ஒரே அளவில் இருந்தன. நானே தேர்ந்தெடுத்த வெள்ளை. அதைவிடக் கொஞ்சம் மங்கலானதை எடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அப்புவின் வாயில் வைத்ததும் முகம் நிமிர்ந்தது. கன்னம் வெளியே வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "கலியாண மாப்பிளை மாதிரி இருக்கிறியள்" என்றாள். அப்பு ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேல் செட் கழன்று நாக்கில் விழுந்தது.

இரண்டாம் தடவை அழுத்தி வைத்தார் வைத்தியர். மறுபடியும் விழுந்தது. அவர் அப்புவின் கன்னத்தின் உள்பக்கத்தை பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி தோலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வாய் வறண்டு கிடக்கு. என்ன குளிசை குடிக்கிறார்?"

சொன்னேன். அவர் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துவரச் சொன்னார். உலர்ந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல் துண்டைத் தூக்கினார். கீழ்த் துண்டு மேசையிலேயே கிடந்தது. பிறகு இடையில் ஒரு துளி தண்ணீர் விட்டு அழுத்தித் தூக்கினார். இரண்டும் சேர்ந்து வந்தன.

"செட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இந்தத் துளிதான். அப்புவுக்கு அந்தக் குளிசையாலை அது இல்லை."

அது எனக்குத் தெரிந்த பாடம். சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கிய பாடம்.

குளிசை கொடுத்த வைத்தியரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. "வேறை குளிசை இப்ப கையிலை இல்லை, பிள்ளை. நிப்பாட்டினால் பழையபடி இரவிரவாய் முழிச்சிருப்பார். பாதியாக்கிப் பாப்பம்" என்றார். பாதியாக்கினோம். கொஞ்சம் ஈரம் வந்தது. அடிக்கடி தண்ணீரால் வாயை நனைக்கச் சொன்னேன். தேசிக்காய்த் துண்டை நாக்கில் வைக்கச் சொன்னேன். புளி பட்டால் உமிழ்நீர் சுரக்கும். ஆனால் உமிழ்நீர் கழுவாத வாயில் புளி புண்ணையும் எரிக்கும். செட்டுக்கு அடியில் முரசு சிவந்து, வெண்படலம் படிந்தது. ஊதா மருந்து பூசினோம். ஊதா வாயோடு அப்பு ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடச் சொன்னேன். அம்மாவோ அந்தக் கோப்பையைக் அடுப்படிப் பக்கம் வைக்கவே விடவில்லை. எச்சில் சாமான் என்று கிணற்றுக் கட்டின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பு செட்டோடு நடமாடத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நின்று முருங்கைக்காய்ப் பையை நீட்டி, முழுப் பல்லும் தெரியச் சிரித்தார். முன்பு கதைத்த அந்தத் தாதியே, "அப்பு வடிவாயிட்டார்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இனி உடம்பு ஏறும் என்று நம்பினேன். அடுத்த மாதம் தராசில் ஏற்றியபோது முள் நாற்பத்து மூன்றில் நின்றது. தராசு பழுது என்று நினைத்து நான் ஏறிப் பார்த்தேன். பழுதில்லை.

அதன் காரணம் எங்கள் குறிச்சி வைரவர் கோயில் பொங்கல் நாளில் விளங்கியது. பொங்கல் முடிந்து ஆண்கள் பந்தியில் இருந்தார்கள். நான் பெண்களோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்பு இலைக்கு முன்னால் இருந்து, சோறு விழுந்ததும் தலையைக் குனிந்து, ஒரு கையால் முகத்தை மறைத்து, மறுகையால் செட்டை எடுத்தார். மேலது, பிறகு கீழது. சால்வைத் தலைப்பில் வைத்து முடிந்து மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்கு அது பழக்கமான காட்சி என்று அவர் முகத்தில் தெரிந்தது. அப்பு சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, அந்தத் தண்ணீர்ச் சோற்றை மூன்று பிடி விழுங்கினார். பூசணிக்காயும் கத்தரிக்காயும் பயறும் இலையின் ஓரத்தில் அடுக்கிய மாதிரிக் கிடந்தன. இலையை மடித்துவிட்டு எழும்பினார். கிணற்றடியில் கையையும் வாயையும் கழுவி, முடிச்சை அவிழ்த்து, செட்டை நனைத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "ஏன் கழட்டினனீங்கள், அப்பு?"

"எதை?"

"நான் கண்டனான்."

அவர் முற்றத்து மண்ணைக் காலால் தள்ளினார். "அதோடை சப்பேலாது, மோனை. வழுக்குது, பிறகு வெட்டுது. சோறு அதுக்குக் கீழை போய் நிண்டு குத்துது."

"அப்ப ஏன் போடுறியள்?"

"அது உனக்குப் போடுறது. சாப்பாட்டுக்கில்லை."

அம்மா அடுப்படியில் எதையோ தேய்ப்பதை நிறுத்தினாள். இடப்பக்கத்து அந்த இரண்டு பற்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

அடுத்த நாள் அம்மாதான் பாக்குரலை எடுத்தாள். பல்லில்லாதவர்கள் பாக்கும் வெற்றிலையும் இடிக்கும் சின்ன இரும்பு உரல் அது. அவளுடைய தாய் வழியில் வந்தது. வீட்டில் வெற்றிலை நின்றதிலிருந்து சும்மா கிடந்தது. அதைச் சாம்பலால் தேய்த்து, கொதிதண்ணி ஊற்றிக் கழுவி என் முன்னால் வைத்தாள்.

"அம்மியிலை அரைச்சால் களியாய்ப் போகுது, தேப்பனுக்கு மருந்து தின்னுற மாதிரி இருக்காம். இதிலை இடிச்சுக் குடு. நீதானே பல்லு டொக்டர்."

அவள் அதைக் குத்திச் சொன்னாளா என்று தெரியாது. நான் உரலை மடியில் வைத்தேன். சுட்ட கருவாட்டில் முள் எடுத்து ஒரு துண்டு, இரண்டு வெங்காயம், அவித்த பயறு ஒரு கரண்டி, முருங்கையிலை வறை கொஞ்சம். பல் செய்யவேண்டிய வேலையை உலக்கை செய்தது. அது மிகச் சின்ன உரல். ஒருமுறை இடித்தால் இரண்டு வாய்க்குத்தான் காணும். ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து தடவை இடிக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போக முன்னும், வேலையால் வந்தும் இடித்தேன். மத்தியானம் அம்மா இடித்தாள். அவருக்கு வாய் வறளும்போது ஒரு மிடறு சொதி கொடுத்து ஈரமாக்கினோம். இல்லாவிட்டால் இடித்ததும் தொண்டையில் நிற்கும். ஆனால் அவர் ஐந்து வாயில் களைத்துப்போய், போதும் என்று கையைக் காட்டுவார். தராசு முள் நாற்பத்து மூன்றிலிருந்து கீழே போகவில்லை. மேலேயும் போகவில்லை.

ஒரு பின்னேரம் அப்பு முதல் வாயை வாங்கி நாக்கால் உருட்டிவிட்டு, "உப்புக் காணாது, மோனை" என்றார்.

நான் உரலில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். கருவாட்டின் உப்பு என் நாக்கைச் சுட்டது. இதற்குமேல் போட்டால் அவருக்கு ஆகாது. உப்பு உணவில் நிறைய இருந்தது. அதைக் கரைத்து நாக்குக்குக் கொண்டுபோக அவர் வாயில்தான் ஒன்றும் இல்லை.

"பொறுங்கோ, போடுறன்" என்றேன். உப்புச் சிரட்டைக்குள் கையை விட்டேன். வெறுங்கையை எடுத்து உரலுக்கு மேலே விரல்களைத் தேய்த்தேன். இரண்டு தரம் இடித்து, அடுத்த வாயைக் கொடுத்தேன்.

அப்பு வாயை மூடி, இல்லாத பற்களால், இடப்பக்கம் ஒதுக்கி நெடுநேரம் சப்பினார். நான் கையை விட்டதையும் வெறுமையாய் எடுத்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஓம்" என்றார். "இப்பச் சரி."